பத்திக்கும் பத்திக்கும் நடுவே

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எழுதிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. அவருடைய ஊர் ஏரியைத் தூர்வாரியிருக்கிறார்கள். ஆனாலும் அடுத்து வந்த இரண்டு மழைக்காலத்திலும் ஏரி நிரம்பவில்லை. ஏன் என்று தேடி ஊர் ஊராக அலைந்து, பெரியவர்களை விசாரித்து, நீளமாக எழுதியிருந்தார். தகவல்கள் புதியவை. வாக்கியங்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் நாலாவது பாராவில் என் கண் தாளை விட்டு நழுவி ஜன்னலுக்குப் போய்விட்டது.

என் கவனக்குறைவு என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதே இடத்தில் மறுபடியும் நழுவியது. இப்படி நடந்தால் பிரதியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புப் பேனாவை எடுத்து இணைப்புச் சொற்களை எல்லாம் வட்டமிட்டேன். ‘மேலும்’ 14 இடத்தில் இருந்தது. ‘இதனால்’ ஒன்பது, ‘முன்பே குறிப்பிட்டதுபோல்’ ஆறு. எழுதியவருக்கே பத்திகள் ஒட்டவில்லை என்று தோன்றியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பசைத்துளி வைத்திருக்கிறார்.

பசை பிடிக்காததற்குக் காரணம் சொல் அல்ல. ‘மேலும்’ என்றால் ‘இன்னொன்றும் இருக்கிறது’ என்று மட்டும்தான் பொருள். முன்னே சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் என்ன உறவு என்று அது சொல்லாது. மளிகைச் சீட்டில் பருப்புக்குக் கீழே புளி எழுதுவதுபோல அடுக்கிக்கொண்டே போகலாம். சீட்டைத் தலைகீழாக எழுதினாலும் கடைக்காரருக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. வாதம் அப்படியல்ல. ஒன்றை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்ததற்குப் போக முடியும்.

நம் இலக்கணக்காரர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களின் பட்டியல் உண்டு. அதில் ஒன்று ‘கூறியது கூறல்’. நூலைக் கட்டுவதற்கான 32 உத்திகளையும் அங்கே சொல்கிறார். அவற்றில் இரண்டின் பெயர் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’. பின்னால் சொல்வோம் என்பது முதலாவது. முன்பே சொல்லிவிட்டோம் என்பது இரண்டாவது. சொன்னதையே சொல்வது குற்றம், ஆனால் ‘சொல்லியாயிற்று’ என்று கைகாட்டுவது உத்தி! இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம்தான். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை ஏரிக் கட்டுரையை வைத்தே பார்க்கலாம்.

இளைஞரை அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். பிரதியைப் பத்தி பத்தியாகக் கத்தரித்துத் துண்டுகளாக்கினோம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அந்தப் பத்தி சொல்ல வருவதை ஒரே வாக்கியமாக எழுதச் சொன்னேன். சில பத்திகளுக்கு வாக்கியம் கிடைக்கவே அரைமணி நேரம் ஆனது. சிலவற்றுக்கு இரண்டு வாக்கியம் வந்தது. அவற்றை இரண்டாக வெட்டினோம். மூன்று பத்திகளுக்கு ஒரே வாக்கியம் வந்தது. இரண்டு குப்பைக்கூடைக்குப் போயின. கடைசியில் மேசையில் எட்டுத் துண்டு மிஞ்சியது. அவர் எழுதியிருந்த வரிசை இது: தூர்வாரியும் ஏரி நிரம்பவில்லை. அந்தக் காலத்தில் வரத்துக்காலைக் கவனிக்க நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். தூர்வாரிய மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டிவிட்டார்கள். வரத்துக்காலை ஆக்கிரமித்திருக்கிறார்கள். மழை குறையவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. மேல் ஏரியின் கலங்கலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். தூர்வாரும் பணத்தில் ஒரு பங்கை வரத்துக்காலுக்குச் செலவிடவேண்டும்.

“இப்போ ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சொல் வைங்க. ‘ஆனால்’, ‘ஏனென்றால்’, ‘ஆகவே’, ‘அப்படியிருந்தும்’, எது வேணாலும் வைக்கலாம். ‘மேலும்’ மட்டும் கூடாது” என்றேன்.

வைக்க முடியவில்லை. நீர்க்கட்டிக்கும் மண் கொட்டியதற்கும் நடுவே என்ன சொல்? மண் கொட்டியதற்கும் ஆக்கிரமிப்புக்கும் நடுவே? அவர் துண்டுகளை இடம் மாற்றத் தொடங்கினார். மழை குறையவில்லை என்பது அஞ்சாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்தது. ஏரி நிரம்பவில்லை என்றதுமே படிப்பவர் மனத்தில் எழும் முதல் சந்தேகம் மழையைப் பற்றித்தான். அதைத் தீர்க்காமல் நாலு பத்தி நடந்தால், நடக்கிற தூரமெல்லாம் அந்தச் சந்தேகமும் கூடவே வரும். என் கண் ஜன்னலுக்குப் போனதன் ரகசியம் அதுதான்.

ஆழ்துளைக் கிணற்றுத் துண்டு எந்த இடத்திலும் பொருந்தவில்லை. கிணறுகள் பெருகினால் நிலத்தடி நீர் இறங்கும், அது உண்மை. ஆனால் ஏரிக்கு ஏன் தண்ணீர் வந்து சேரவில்லை என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. “அதுக்காக ரெண்டு வாரம் அலைஞ்சேன் சார்” என்றார். வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்னூலின் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதும் உண்டு. அலைந்து சேர்த்த தகவலை விட மனம் வராமல்தான் பெரும்பாலும் அந்தக் குற்றம் நடக்கிறது. அதை மறைக்க எழுதுபவர் முதலில் கைநீட்டும் சொல் ‘மேலும்’.

மண் கொட்டிய துண்டும் அந்தரத்தில் நின்றது. “மண்ணை எங்கே கொட்டினாங்க?” என்று கேட்டேன். கரையோரமாகத்தான் இருக்கும் என்றார். உறுதியாகத் தெரியவில்லை. அங்கிருந்தபடியே ஊருக்கு போன் செய்து கேட்டார். கொட்டியது வரத்துக்கால் ஏரிக்குள் நுழைகிற வாயில்! இரண்டு மழையில் கரைந்து இறங்கி வாயை அரைவாசி மூடிவிட்டது. அந்தரத்தில் நின்ற துண்டு ஒரே போனில் கட்டுரையின் நடுத்தூண் ஆகிவிட்டது. இரண்டு பத்திகள் ஒட்டாதபோது இணைப்புச் சொல்லைத் தேடக்கூடாது, விடுபட்ட தகவலைத் தேடவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பத்துக்கு ஏழு தடவை அங்கே குறைவது சொல் அல்ல, ஒரு செய்தி. எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும், எழுத மறந்திருப்பார். அல்லது அவருக்கே தெரிந்திருக்காது.

உறவைத் தேடி வரிசையைச் சோதிப்பதில் நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கு நடுவே வள்ளுவர் இணைப்புப் பாலம் ஏதும் கட்டவில்லை. உரை எழுதிய பரிமேலழகர், ஓர் அதிகாரம் இன்னொன்றின் பின்னால் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டே போகிறார். ‘அதிகார முறைமை’ என்று அதற்குப் பெயர். வான்சிறப்புக்குப் பின் நீத்தார் பெருமை ஏன்? மழையால் நடக்கிற அறம் முதலான பொருள்களை உலகுக்கு உள்ளபடி உணர்த்துபவர்கள் துறந்தவர்கள், ஆகவே அவர்கள் அடுத்து என்பார். நடுவுநிலைமைக்குப் பின் அடக்கமுடைமை ஏன்? பிறர் குற்றம்போலத் தன் குற்றத்தையும் பார்க்கத் தெரிந்த நடுநிலையாளருக்குத்தான் அடக்கம் கைகூடும் என்பார். சில இடங்களில் காரணத்தைச் சற்று இழுத்துப்பிடித்துச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அவர் செய்கிற வேலையைக் கவனியுங்கள்: ‘மேலும்’ என்று சொல்லித் தப்பிக்காமல், ஒவ்வொரு சந்தியிலும் நின்று ‘ஏன் இது இங்கே?’ என்று கேட்கிறார். நம் பிரதிக்கு நாமே பரிமேலழகர் ஆகவேண்டும். வித்தியாசம் என்னவென்றால், காரணம் இழுபடுகிற இடத்தில் அவரால் வள்ளுவரின் வரிசையை மாற்ற முடியாது. நம்மால் நம்முடையதை மாற்ற முடியும்.

ஏரிக்கு வருவோம். புது வரிசையில் மழைக்குப் பின் மேல் ஏரிக் கலங்கல், அதன்பின் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, அதன்பின் வாயில் கொட்டிய மண், பிறகு நீர்க்கட்டி, கடைசியில் யோசனை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போகிற வழியே பத்திகளின் வரிசையாகிவிட்டது. இனிமேல்தான் தையல் வேலை.

முதல் தையல் மழைக்கும் கலங்கலுக்கும் நடுவே. பழைய பிரதியில் கலங்கல் பத்தி இப்படித் தொடங்கியது: ‘மேலும், மேல் ஏரியின் கலங்கல் ஒன்றரை அடி உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது.’ திருத்திய பிரதியில்: ‘பெய்த மழை நேராக இந்த ஏரிக்கு வருவதில்லை. முதலில் மேல் ஏரி நிரம்பவேண்டும். அதன் கலங்கல் வழிந்தால்தான் இங்கே தண்ணீர். அந்தக் கலங்கலைத்தான் ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள்.’ ‘பெய்த மழை’ என்ற இரண்டு சொல் முந்தின பத்தியின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. ‘நேராக வருவதில்லை’ என்பது, மழை பெய்தால் ஏரி நிரம்பும் என்று படிப்பவர் வைத்திருந்த கணக்கைக் கலைக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல் எங்கும் இல்லை. அதன் வேலை மட்டும் நடந்துவிட்டது. ‘கலங்கலைத்தான்’ என்பதில் இருக்கிற ‘தான்’ மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது தையல் இன்னும் சின்னது. கலங்கலிலிருந்து வரத்துக்காலுக்குப் போகவேண்டும். ‘கலங்கலைத் தாண்டி வந்த கொஞ்ச நீரும் ஏரியை எட்டவில்லை.’ அந்த ‘உம்’மை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘கொஞ்ச நீர் எட்டவில்லை’ என்றால் அது தனிச் செய்தி. ‘கொஞ்ச நீரும்’ என்றால், பெருமளவு மேலேயே நின்றுவிட்டது, மிஞ்சியதற்கும் இந்தக் கதி என்று முந்தின பத்தி முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் தனிச்சொல்லில் இல்லை. உம், தான், ஏ, ஓ என்று சொல்லின் வாலில் இருக்கிறது. வாக்கியத் தலையில் ‘மேலும்’, ‘இருப்பினும்’, ‘அதே சமயம்’ என்று முண்டாசு கட்டுவது, ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிற பழக்கம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தையலுக்கு அந்தாதியின் வழி. அபிராமி அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். மண் கொட்டிய பத்தி ‘…வரத்துக்காலின் வாயை அந்த மண்ணே அடைத்துவிட்டது’ என்று முடிந்தது. அடுத்ததை இப்படித் தொடங்கினோம்: ‘மண் விழுந்தால் அன்றைக்கே அள்ளிப்போட ஒரு காலத்தில் இந்த ஊரில் ஆள் இருந்தார்.’ மண்ணைப் பிடித்துக்கொண்டு நீர்க்கட்டியிடம் வந்துசேர்ந்தோம். இந்த உத்தி கைக்கு எளிது, அதனால்தான் ஆபத்து. தொடர்ந்து மூன்று பத்தியில் செய்தால் பாட்டி சொல்கிற ‘போனானாம், போனவன் பார்த்தானாம், பார்த்தவன் கேட்டானாம்’ கதையாகிவிடும். இன்னொன்று, சொல் ஒட்டினாலும் கருத்து ஒட்டாமல் இருக்கலாம். ‘மண்’ என்று முடித்து ‘மண்ணின் மைந்தர்கள்’ என்று தொடங்கினால் சத்தம் மட்டும்தான் இணைகிறது.

‘இதனால்’ ஒன்பது இடத்தில் இருந்தது என்றேன் அல்லவா? அவற்றில் ஆறில் ‘இது’ எது என்று எனக்குப் புரியவில்லை. ஆறு வாக்கியம் கொண்ட பத்திக்குப் பின் ‘இது வருந்தத்தக்கது’ என்றால், எது? கலங்கலை உயர்த்தியதா, யாரும் கேட்காததா, கேட்டும் பதில் வராததா? இதற்கு மருந்து எளிது: ‘இந்த’ என்று போட்டு அதன்பின் ஒரு பெயர் வையுங்கள். இந்த மௌனம், இந்த ஏற்பாடு, இந்த ஒன்றரை அடி. ஒரு பத்தி முழுவதையும் ஒரே சொல்லில் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம், மறுபடி சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெயர் வெறும் பெயர் அல்ல, அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கும். அவர் ஓரிடத்தில் ‘இந்த மோசடி’ என்று எழுதியிருந்தார். முந்தின பத்தி காட்டியது, மேல் ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீருக்காகக் கலங்கலை உயர்த்தியதை மட்டும்தான். அது சுயநலமாக இருக்கலாம். மோசடி என்று அவர் எங்கும் நிறுவவில்லை. நிறுவாததை இணைப்புச் சொல்லுக்குள் வைத்துக் கடத்துவது பழைய தந்திரம். படிப்பவர் பத்தியின் நடுவில் இருப்பதைத்தான் சோதிப்பார், வாசலில் இருப்பதைச் சோதிக்கமாட்டார். பிறர் எழுதியதைப் படிக்கும்போதும் ‘இந்த’ என்பதற்குப் பின்னால் வருகிற பெயரில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அடுத்தது கைகாட்டி. பழைய பிரதியின் இரண்டாம் பத்தி, ‘இக்கட்டுரையில் முதலில் ஏரியின் வரலாற்றையும், பின்னர் நீர் மேலாண்மையையும், இறுதியில் தீர்வுகளையும் காண்போம்’ என்று போயிற்று. ஆராய்ச்சி ஏட்டில் இதற்கு இடம் உண்டு. அங்கே படிப்பவர் வேண்டிய இயலை மட்டும் புரட்டி எடுப்பார். பத்திரிகைக் கட்டுரையில் இது பந்தியில் உட்கார்ந்தவரிடம் சமையல்காரர் வந்து முதலில் கூட்டு, பின் சாம்பார், அப்புறம் ரசம் என்று ஒப்பிப்பது போல. அதை எடுத்துவிட்டு, மழைப் பத்தியின் முடிவில் மூன்று வாக்கியம் வைத்தோம்: ‘மழை குறையவில்லை. பள்ளமும் ஆழமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் வழியில் எங்கே நின்றுவிட்டது?’ இதுவும் கைகாட்டிதான். ‘வழியில்’ என்ற சொல், இனி மேட்டிலிருந்து தண்ணீரோடு நடக்கப்போகிறோம் என்று சொல்லிவிடுகிறது. இனிமேல் எந்தப் பத்தியில் நின்றாலும் தான் எங்கே இருக்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரியும். கேள்வி நல்ல கைகாட்டி, விடை வரும்வரை தானே இழுத்துக்கொண்டு போகும். ஒரு கட்டுரைக்கு இப்படி ஒன்று போதும், நீளமானால் இரண்டு. பத்திக்கொரு கேள்வி போட்டால் பட்டிமன்றம்.

எண்ணிக்கையும் கைகாட்டிதான். ‘மூன்று இடத்தில் நிற்கிறது’ என்று சொல்லிவிட்டால் படிப்பவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். இதில் நானே ஒரு முறை வழுக்கியிருக்கிறேன். வேறொரு கட்டுரையில் ‘நான்கு காரணங்கள்’ என்று தொடக்கத்தில் இருந்தது. இடம் போதாமல் ஒரு காரணத்தை வெட்டியவன், ‘நான்கு’ என்பதைத் திருத்த மறந்தேன். அச்சாகி வந்தபின் நாலாவது எங்கே என்று கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன. அன்றிலிருந்து, வெட்டி முடித்ததும் கடைசியாக ஒரு முறை எண்களுக்காக மட்டும் பிரதியைப் படிப்பேன்.

மிச்சம் இருந்தது ‘முன்பே குறிப்பிட்டதுபோல்’ ஆறு. படிப்பவர் மறந்திருப்பார் என்ற பயத்தில் வந்தவை அவை. பயம் நியாயமானது, ஏழெட்டுப் பத்தி தாண்டி வந்தவருக்கு ஒரு நினைவூட்டல் தேவைதான். நன்னூலில் சூத்திரங்கள் அமையும் விதத்துக்குச் சொன்ன பெயர்களில் ‘அரிமா நோக்கம்’ என்று ஒன்று உண்டு. சிங்கம் நடந்துபோகும்போது முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, முன்னதையும் பின்னதையும் ஒருசேரத் தழுவி நிற்பது. திரும்பிப் பார்க்கிற வாக்கியம் அப்படி இருக்கவேண்டும், பார்த்தபடியே ஓர் அடி முன்னே போகவேண்டும். யோசனைப் பத்திக்கு முன்னால் பழைய பிரதி மூன்று தடைகளையும் ஒரு பத்தி முழுக்க மறுபடி விவரித்திருந்தது. அந்த இடத்தில் இதை எழுதினார்: ‘உயர்த்திய கலங்கலை இறக்க மேல் ஊர் சம்மதிக்கவேண்டும். ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரிகள் வரவேண்டும். வாயை அடைத்த மண்ணை மட்டும் இந்த ஊரே அள்ளிவிடலாம்.’ மூன்றும் நினைவுக்கு வந்துவிட்டன. ஆனால் இது கூறியது கூறல் அல்ல. யாரால் எது முடியும் என்ற புதுப் பிரிவு அதில் இருக்கிறது, யோசனைக்கு வழியும் அங்கேயே திறந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிற வாக்கியத்தைத் தனியே எடுத்துப் படியுங்கள். முன்னால் இல்லாத ஒன்று அதில் இல்லையென்றால் அடித்துவிடலாம். நான் தேடிய மயிரிழை இதுதான்.

எல்லா இடத்திலும் தைக்கவேண்டும் என்பதும் இல்லை. அதே நன்னூலில் ‘தவளைப் பாய்த்து’ என்று ஒன்றும் இருக்கிறது. இடையில் விட்டுத் தாண்டிப் போவது. நாற்பது ஆண்டு பின்னால் போய் நீர்க்கட்டியின் வீட்டைக் காட்டவேண்டும் என்றால், ஒரு வரி இடம்விட்டுத் தாவலாம். தாவுவது தெரிகிறபடி தாவினால் படிப்பவரும் கூடவே தாவுவார். துணைத்தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பெரும்பாலும் பக்கத்தை அழகாக்கத்தான் வைக்கிறோம். கடைசி நேரத்தில் லே-அவுட் செய்பவர் இரண்டை எடுத்துவிடுவார். துணைத்தலைப்புகளை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். வாதம் அப்போதும் ஓடவேண்டும்.

கட்டுரை வந்த அளவில் முக்கால்வாசியாக அச்சேறியது. ஆழ்துளைக் கிணறு இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. ‘மேலும்’ ஒரே ஓர் இடத்தில் இருந்தது. கலங்கலை மேலும் அரை அடி உயர்த்த மேல் ஊரில் யோசிக்கிறார்கள் என்ற வாக்கியத்தில்.